'டியர் சுந்தரமூர்த்தி': இனிஷியல் பெயரும் ஓர் ஆஃபர் லெட்டரும்

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு அண்ணன் மகள் அழைத்தாள். புது வேலைக்கான ஆஃபர் லெட்டரை ஏற்றுக்கொண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. "சித்தப்பா, பிஜிவி, அதான் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் பண்ற கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கு. டிகிரி சர்டிஃபிகேட்ல இருக்கிற பெயரும் நான் கொடுத்த பெயரும் ஒத்துப்போகலையாம். நாலு நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம்" என்றாள். குரலில் பயம் தெரிந்தது. இப்போதைய நிறுவனத்தில் ராஜினாமா கொடுத்தாகிவிட்டது, நோட்டீஸ் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் இப்படி ஒரு மெயில் வந்தால் யாருக்கும் தூக்கம் வராது.

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஆன்போர்டிங் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவன். தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் இனிஷியல் அந்தப் பதினோரு ஆண்டும் என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தது. இந்த முறை அது வீட்டுக்கே வந்ததால் முழுதாக எழுதி வைக்கிறேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஆனால் எழுத்துகள் எங்கே எப்படி முரண்பட்டன என்பதை மாற்றவில்லை. அவளை நிவேதா என்றும், அவள் அப்பாவை, அதாவது என் அண்ணனை, சுந்தரமூர்த்தி என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். திறந்ததும் முதல் வரியே காரணத்தைச் சொல்லிவிட்டது: Dear Sundaramoorthy. என் அண்ணனுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்!

"இதைப் பார்த்துட்டுமா அக்செப்ட் பண்ணினே?" என்று கேட்டேன். "ரெக்ரூட்டர்தான் பான் கார்டில இருக்கிற மாதிரியே போடச் சொன்னாங்க சித்தப்பா. அதான் சரின்னு நினைச்சேன்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, ரெக்ரூட்டரும் தவறான எண்ணத்தில் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் சரியில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

எல்லா ஆவணங்களையும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து, புள்ளி, இடைவெளி உட்பட அப்படியே எழுதச் சொன்னேன். ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது, கார்டைக் கையில் வைத்துப் பார்த்து எழுத வேண்டும். அரை மணி நேரத்தில் வந்த பட்டியல் இது:

10, 12ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்: NIVEDHA S
டிகிரி சான்றிதழ்: NIVEDHA S
ஆதார்: Nivedha S
பிஎஃப் கணக்கு (யுஏஎன்): NIVEDHA S
பான்: SUNDARAMOORTHY NIVEDHA
பாஸ்போர்ட்: Surname SUNDARAMURTHY, Given Name NIVEDHA
பழைய நிறுவனத்தின் அனுபவச் சான்றிதழ்: Nivedha Sundaramoorthy

ஏழு இடங்கள், நான்கு வடிவங்கள். பார்த்ததும் அவளுக்கே ஆச்சரியம். பாஸ்போர்ட்டில் OO இல்லாமல் U இருப்பதை அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கவனித்தாள்.

பான் கார்டில் அப்பா பெயர் முன்னால் வந்ததற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. அவள் விண்ணப்பித்த காலத்துப் படிவம் 49A-வில் பெயருக்கான முதல் கட்டம் Last Name / Surname. First Name அதற்குக் கீழேதான் வரும். நம் வீடுகளில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. முதல் கட்டத்தைக் கண்டதும் கை தன் பெயரைத்தான் எழுதும். அடுத்த கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுவோம். இனிஷியல் மட்டும் போடவும் முடியாது, முழுப்பெயரை விரித்து எழுத வேண்டும் என்று அந்தப் படிவமே சொல்கிறது. ஆக, வருமான வரித் துறையின் பதிவில் நிவேதா என்பது கடைசிப் பெயர், சுந்தரமூர்த்தி என்பது முதல் பெயர். அச்சில் SUNDARAMOORTHY NIVEDHA என்று வந்தது. தமிழ்நாட்டில் இப்படிப் பான் வைத்திருப்பவர்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன்.

இப்போது புது நிறுவனத்தின் விவரப் படிவத்துக்கு வருவோம். அதில் First Name, Middle Name, Last Name என்று மூன்று கட்டங்கள். கடைசிப் பெயர் கட்டாயம். நிவேதா முதலில் சரியாகத்தான் Nivedha, S என்று போட்டிருக்கிறாள். கடைசிப் பெயரில் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் காட்டியிருக்கிறது. உடனே ரெக்ரூட்டரை அழைத்து, "என் பெயர் ஒவ்வொரு டாகுமென்ட்லயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு, ஏதாவது பிரச்சினை வருமா மேடம்?" என்று கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் ஒண்ணும் வராதுங்க. பான்ல இருக்கிற மாதிரியே போட்டுடுங்க" என்று பதில். இவளும் முதல் பெயரில் Sundaramoorthy, கடைசிப் பெயரில் Nivedha என்று போட்டுவிட்டாள். அந்தக் கட்டங்களிலிருந்துதான் ஆஃபர் லெட்டர் தானாக உருவாகிறது. பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனத்துக்குப் போகும் விவரமும் அதே கட்டங்களிலிருந்துதான் போகிறது. ஓரிடத்தில் போட்ட பெயர் இன்னும் இரண்டு இடங்களில் முளைத்தது.

பின்னணிச் சரிபார்ப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்களைச் சந்தேகப்படவில்லை. ஒரு பெயரை இன்னொரு பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறார், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு சோதனையும் வேறு வேறு ஆவணத்தோடு ஒப்பிடுகிறது. கல்விச் சோதனையில் பதிவு எண்ணையும் சான்றிதழ் நகலையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து அவர்கள் பதிவேட்டில் இருக்கும் பெயர் திரும்பி வரும்: NIVEDHA S. வேலை அனுபவச் சோதனையில் பழைய நிறுவனத்தின் ஹெச்ஆர் பணியாளர் எண்ணை வைத்துப் பார்த்து, அவர்கள் கணினியில் இருக்கும் பெயரைச் சொல்வார்: Nivedha Sundaramoorthy. நீதிமன்றப் பதிவுச் சோதனையில் பெயர், அப்பா பெயர், முகவரி மூன்றையும் வைத்துத் தேடுவார்கள். அடையாளச் சோதனை பான் அல்லது ஆதாரோடு முடிந்துவிடும்.

இனிஷியல் முன்னால் வந்தால் என்ன, பின்னால் வந்தால் என்ன, S. Nivedha என்பதையும் Nivedha S என்பதையும் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வார்கள். அந்த S சுந்தரமூர்த்தியாக விரிந்து, அதுவும் முதல் பெயராக வந்து நிற்கும்போதுதான் சிக்கல். S என்றால் சுந்தரமூர்த்தி என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சரிபார்ப்பவர் கையில் இருக்கும் டிகிரி சான்றிதழ் அதைச் சொல்லாது. அது சண்முகமாகவும் இருக்கலாம், சேலமாகவும் இருக்கலாம்.

அதனால் அவருக்குத் தேவை ஒரு பாலம்: மகள் பெயரும் அப்பாவின் முழுப்பெயரும் ஒரே தாளில் இருக்கும் ஓர் ஆவணம். பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம், அப்பா பெயர் அச்சிட்ட பான் கார்டு, முகவரியில் D/O என்று அப்பா பெயர் வரும் ஆதார் எல்லாமே பாலம்தான். இதைச் சேர்த்துக் கொடுக்காதபோதுதான் 'இன்சஃபிஷியன்சி' என்ற தலைப்பில் மெயில் வரும். நிவேதாவுக்கு வந்ததும் அதுவே. அந்தச் சொல்லுக்கு நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று பொருள் இல்லை. கோப்பில் ஒரு தாள் குறைகிறது என்று பொருள். பதில் சொல்லாமல் விட்டால்தான் அது முரண்பாடு என்று அறிக்கையில் மஞ்சள் நிறத்தில் ஏறும்.

இந்த வழக்கில் பாலத்திலேயே ஒரு விரிசல் இருந்தது. அதை நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். இனிஷியலாக இருக்கும்வரை அப்பா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் யார் கண்ணிலும் படாது. விரித்து எழுதிய நிமிடம் அது வெளியே வந்துவிடும். பானில் MOORTHY, பாஸ்போர்ட்டில் MURTHY. நம் பெயர்களில் இது சாதாரணம். மூர்த்தி, லட்சுமி, கிருஷ்ணன் எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் புழக்கத்தில் உண்டு. எனவே விரிப்பதற்கு முன் அப்பாவின் சொந்த ஆதாரையும் பானையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அண்ணனை எழுப்பிக் கேட்டேன். அவருடைய எல்லா ஆவணங்களிலும் SUNDARAMURTHY. ஆக பாஸ்போர்ட் சரி, மகளின் பான்தான் தவறு. பழைய நிறுவனம் அந்தப் பானைப் பார்த்து எழுதியதால் அனுபவச் சான்றிதழிலும் OO ஏறிவிட்டது.

அன்றிரவே ரெக்ரூட்டருக்கு எழுதுவது என்று முடிவானது. அவள் முதலில் எழுதிக் காட்டிய மெயிலில் நீளமாக மன்னிப்புக் கேட்டிருந்தாள். அதை நீக்கச் சொன்னேன். இதில் மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை. அப்புறம், 'ஏதாவது பிரச்சினை வருமா' என்ற கேள்வியையும் எடுக்கச் சொன்னேன். அந்தக் கேள்விக்கு ரெக்ரூட்டரால் 'வராது' என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஆளைத் தேர்ந்தெடுத்து ஆஃபர் வெளியே போக வைப்பது அவர் வேலை. சரிபார்ப்பையும் சேரும் நாள் படிவங்களையும் பார்ப்பது வேறொரு குழு. அவர் 'பான் மாதிரி போடுங்க' என்றது, கண்ணுக்குத் தெரிந்த ஒரே படிவத்தை மனதில் வைத்துச் சொன்னது. ஆகவே எந்தக் கட்டம் எந்த ஆவணத்தோடு ஒப்பிடப்படும் என்று கேட்க வேண்டும். அதோடு, ஆன்போர்டிங் குழுவுக்கு அனுப்பிவைக்கும்படியும் கேட்க வேண்டும்.

ஆங்கிலத்தில் போன அந்த மெயிலின் சாரம் இது:

"வணக்கம் மேடம். என் பெயர் நிவேதா. S என்பது என் அப்பா சுந்தரமூர்த்தியின் பெயரின் முதலெழுத்து. எனக்குக் குடும்பப் பெயர் இல்லை. உங்கள் படிவம் ஓரெழுத்தை ஏற்காததால் பானில் உள்ள வரிசையில் நிரப்பினேன். அதனால் ஆஃபர் லெட்டரில் என் அப்பாவின் பெயர் முதல் பெயராக வந்துள்ளது. என் ஆவணங்களில் பெயர் உள்ள விதத்தைக் கீழே அப்படியே தந்திருக்கிறேன். மூன்று விஷயங்களை எழுத்தில் உறுதிசெய்து தர வேண்டும். ஒன்று, ஆஃபர் லெட்டருக்கும் பணியாளர் பதிவுக்கும் எந்த ஆவணத்தை அடிப்படையாகக் கொள்கிறீர்கள்? பாஸ்போர்ட் என்றால், First Name: Nivedha, Last Name: Sundaramurthy என்று திருத்தித் தர முடியுமா? இரண்டு, சரிபார்ப்புப் படிவத்தில் மற்றப் பெயர்கள் என்ற இடத்தில் Nivedha S, Sundaramoorthy Nivedha, Nivedha Sundaramoorthy மூன்றையும் சேர்க்கலாமா? மூன்று, பிஎஃப் படிவத்தில் ஆதாரில் உள்ளபடி Nivedha S என்றே எழுதலாமா? இதை ஆன்போர்டிங் குழுவுக்கும் அனுப்பினால் உதவியாக இருக்கும். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் இணைத்துள்ளேன்."

இந்த மெயிலில் எனக்குப் பிடித்தது, பதிலை அவளே முன்வைத்து 'இப்படிச் செய்யலாமா' என்று கேட்டிருப்பது. 'எப்படிப் போட வேண்டும்' என்று கேட்டால் நம் பெயர் முறை தெரியாத ஒருவர் தோன்றியதைச் சொல்வார். வடக்கே இருந்து வேலை பார்க்கும் ரெக்ரூட்டருக்கு இனிஷியல் என்றால் ஏதோ சுருக்கம் என்றுதான் படும். அது அப்பா பெயர் என்பதையும், நமக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டால் பேச்சு சுலபமாகிறது.

ஆதாரை மூன்றாவது கேள்வியாகத் தனியே வைத்ததற்குக் காரணம் உண்டு. பிஎஃப் கணக்கு ஆதாரோடு இணைந்தது. அங்கே விரித்த பெயரை நிறுவனம் ஏற்றினால் பொருந்தாமல் நிற்கும். பழைய கணக்கிலிருந்து பணத்தை மாற்றும்போதும் தலைவலி. சரி, ஆதாரையே பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தும்படி மாற்றிவிடலாமே என்று நிவேதா கேட்டாள். அவசரப்பட வேண்டாம் என்றேன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று தேவை வரலாம். அதோடு அவளுடைய மதிப்பெண் சான்றிதழ், டிகிரி, ஆதார், பிஎஃப் நான்கும் ஏற்கெனவே ஒன்றாக இருக்கின்றன. ஒத்துப்போகிற நான்கைக் கலைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

மறுநாள் மதியம் ரெக்ரூட்டரே அழைத்தார். "நீங்க முதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா நான் ஆன்போர்டிங் டீம்கிட்ட கேட்டிருப்பேனே" என்றாராம். நியாயம்தான். போனில் எல்லாவற்றுக்கும் சரி என்றார். நிவேதா நன்றி சொல்லிவிட்டு, "மெயில்லயும் ஒரு வரி அனுப்பிடுங்க மேடம், ஜாயினிங் அன்னிக்குக் காட்ட வசதியா இருக்கும்" என்று கேட்டாள். வந்தது. பாஸ்போர்ட் இருந்தால் அதுவே அடிப்படை, இல்லாவிட்டால் பான், பிஎஃப்புக்கு ஆதார், மற்றப் பெயர்களைச் சரிபார்ப்புப் படிவத்தில் சேர்க்கலாம். இது அந்த நிறுவனத்தின் வழக்கம். வேறு நிறுவனம் பானையே அடிப்படை என்று சொல்லலாம், ஆதார் என்றும் சொல்லலாம். அதனால்தான் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சொன்ன பதிலை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

திருத்திய ஆஃபர் லெட்டர் வர நான்கு வேலை நாள் ஆனது. ஒருமுறை வெளியே போன கடிதத்தை மாற்றுவதற்கு மீண்டும் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. விவரப் படிவத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே இந்த மெயில் போயிருந்தால் இந்த நான்கு நாளும் மிச்சம். வந்த கடிதத்தில் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னேன். பிற்காலத்தில் அனுபவச் சான்றிதழ் இதே பதிவிலிருந்துதான் வரும். இன்றைக்கு விட்ட ஒரு O அடுத்த நிறுவனத்தின் சரிபார்ப்பில் மறுபடி வந்து நிற்கும். அவள் பழைய அனுபவச் சான்றிதழே அதற்குச் சாட்சி.

சரிபார்ப்பு நிறுவனத்துக்குப் போன பதில் சுருக்கமானது. மற்றப் பெயர்கள் மூன்று, பாலமாக இரண்டு ஆவணங்கள், எல்லாப் பெயரும் தன்னையே குறிக்கும் என்று கையெழுத்திட்ட ஒரு பக்க உறுதிமொழி. நோட்டரி முத்திரையோடு பிரமாணப் பத்திரம் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். வேண்டாம் என்றார்கள். கேட்காமலே ஓடிப்போய்ப் பத்திரம் வாங்குகிறவர்கள் பலர். கேட்கும் இடத்தில் மட்டும் கொடுத்தால் போதும். அறிக்கை பச்சையில் வந்தது. கல்விப் பகுதியில் மட்டும் ஒரு குறிப்பு: சான்றிதழில் பெயர் இனிஷியலோடு உள்ளது, ஆவணம் பெறப்பட்டது.

இதே மாதிரி மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காக நான் பார்த்த சில வடிவங்களையும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுவது, Nivedha Nivedha என்று இரட்டிப்பது, S என்பதை SS ஆக்குவது மூன்றும் படிவத்தைத் தாண்ட வைக்கும். ஆனால் அந்தப் பெயர்தான் அடையாள அட்டையிலும் மருத்துவக் காப்பீட்டு அட்டையிலும் அச்சாகும். நடுராத்திரியில் மருத்துவமனைக் கவுன்டரில் ஆதாரையும் அந்த அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். படிவம் ஏற்கவில்லை என்றால் அந்தச் சிவப்பு எச்சரிக்கையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெக்ரூட்டருக்கு அனுப்பி, பின்னாலிருந்து மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பல நிறுவனங்களில் முடியும்.

ஊர் பெயரும் அப்பா பெயருமாக இரண்டு இனிஷியல் இருந்தால், எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று மெயிலில் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். ஊர் பெயரை விரித்துக் கடைசிப் பெயராக ஆக்க வேண்டாம், அதற்குப் பாலம் போட ஆவணம் கிடைப்பது கடினம். கல்யாணமான பெண்கள் சிலர் ஆஃபருக்கும் ஜாயினிங்குக்கும் நடுவில் கணவர் இனிஷியலுக்கு மாறிவிடுவார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் அந்த ஒன்றிரண்டு மாதம் பொறுத்து, பழைய பெயரிலேயே சேர்ந்த பிறகு மாற்றிக்கொண்டால் அலைச்சல் பாதியாகும்.

பானைத் திருத்த நிவேதா விண்ணப்பித்துவிட்டாள். திருத்தினாலும் பான் எண் மாறாது என்பதால் சேரும் தேதிக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சான்றாகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாள். இந்த முறை Last Name கட்டத்தில் அப்பா பெயரை எழுதினாள், U போட்டு.

வேலையில் சேர்ந்த நாளில் பிஎஃப் படிவம் 11-ஐ நிரப்பிக் கொடுத்தபோது, அங்கிருந்த பெண் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆஃபர்ல முழுப்பெயர் இருக்கே, இதுல மட்டும் ஏன் S போட்டிருக்கீங்க?" என்று கேட்டாராம். நிவேதா போனில் அந்த மெயிலை எடுத்துக் காட்டியிருக்கிறாள். அவர் படித்துவிட்டு, படிவத்தை ஆதார் நகலோடு சேர்த்துப் பின் அடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.